பிஎச்கியூ-9இல் 19 சதவீதம் வந்தால், 19 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்று எழுதலாமா?

கேள்வி: வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, கொடுங்கையூர் பக்கம் வீடு வீடாகப் போய் 400 பேரிடம் பிஎச்கியூ-9 கேட்டோம். 76 பேர் 10 அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். "வடசென்னையில் 19% பேருக்கு மனச்சோர்வு நோய்" என்று அறிக்கையில் போடலாமா? அந்த 76 பேரிடமும் "உங்களுக்கு டிப்ரஷன் இருக்கிறது" என்று சொல்லிவிடலாமா?

பதில்:

இரண்டுமே வேண்டாம். உங்கள் 19% உண்மையான எண்தான், உழைத்து எடுத்த எண்தான். ஆனால் அது சொல்வது "இத்தனை பேரிடம் இன்னும் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும்" என்பதை மட்டும். இத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை உங்கள் 400 பேரை வைத்தே பார்க்கலாம்.

முதலில் அந்த 10 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிஎச்கியூ-9 என்பது மனச்சோர்வின் அறிகுறிகள் கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. குரோங்க்கி, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்த 6,000 பேரிடம் இதைக் கேட்டார்கள். அவர்களில் 580 பேரை மட்டும் மனநல வல்லுநர்கள் தனியாக நேர்காணல் செய்து, எந்த மதிப்பெண்ணில் கோடு போட்டால் அந்த நேர்காணல் முடிவோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். அப்படி வந்ததுதான் 10. அதாவது, நேர்காணல்தான் நோயை முடிவு செய்தது. அந்த முடிவை இந்தத் தாள் எவ்வளவு தூரம் ஊகிக்கிறது என்று அளந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊகம் எவ்வளவு சரி? பல நாட்டு ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் தரவை ஒன்றாகச் சேர்த்து 2019இல் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வு, வல்லுநர் நேர்காணலோடு ஒப்பிட்டபோது, கட்-ஆஃப் 10க்கு இரண்டு எண்களைத் தந்தது. உண்மையில் நோய் உள்ள 100 பேரில் 88 பேரை இந்தத் தாள் பிடிக்கிறது. நோய் இல்லாத 100 பேரில் 85 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மீதி 15 பேரைக் கவனியுங்கள். உங்கள் கதை முழுவதும் அவர்களிடம்தான் இருக்கிறது.

உங்கள் 400 பேரில் உண்மையில் 22 பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22இல் 88% என்றால் 19 பேர். இவர்கள் 10க்கு மேல் வருவார்கள், 3 பேர் கீழே தங்கிவிடுவார்கள். மிச்சம் 378 பேருக்கு நோய் இல்லை. ஆனால் அவர்களில் 15%, அதாவது 57 பேர், 10க்கு மேல் வந்துவிடுவார்கள். 19ஐயும் 57ஐயும் கூட்டுங்கள். 76. உங்களுக்கு வந்த அதே 76.

அப்படியென்றால், 10க்கு மேல் வந்த நான்கு பேரில் ஒருவருக்குத்தான் நோய். நோய் இருப்பது 19% பேருக்கு இல்லை, 5.5% பேருக்கு. நீங்கள் யோசிக்கும் தலைப்பைப் போட்டிருந்தால் மூன்று மடங்குக்கும் மேலே கூட்டிச் சொல்லியிருப்பீர்கள். 57 பேரிடம் இல்லாத நோய் இருக்கிறது என்று வீடு தேடிப் போய்ச் சொல்லியிருப்பீர்கள்.

இதில் தாளின் குற்றம் எதுவும் இல்லை. மனநல ஓ.பி.யில் இதே தாள் நன்றாகவே வேலை செய்யும். அங்கே வருபவர்களில் 100க்கு 30 பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று வையுங்கள். 26 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 70 பேரில் 10, 11 பேர் தவறாக வருவார்கள். 10க்கு மேல் வந்த பத்துப் பேரில் ஏழு பேருக்கு நோய் இருக்கும். ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவர் ஏதோ ஒரு தொந்தரவால்தான் அங்கே வந்திருக்கிறார். நீங்கள் கதவைத் தட்டிய வீட்டில் இருப்பவர் அப்படி வரவில்லை. நோய் இல்லாதவர்கள் பெரிய கூட்டமாக இருக்கும் இடத்தில், அந்தக் கூட்டத்தின் சின்னப் பங்கு தவறாக வந்தாலும், அது உண்மையான நோயாளிகளின் எண்ணிக்கையை மூழ்கடித்துவிடும். மருத்துவமனையில் ஒரு மதிப்பெண்ணுக்கு இருக்கும் பொருள் தெருவில் அதே மதிப்பெண்ணுக்கு இல்லை.

"சரி, அப்போ 5.5% என்று திருத்தி எழுதிவிடலாமே?" என்று அடுத்து கேட்பீர்கள். கணக்கு இதுதான்:

```
(0.19 + 0.85 − 1) ÷ (0.88 + 0.85 − 1) = 0.04 ÷ 0.73 ≈ 0.055
```

இதையும் நம்பி எழுத முடியாது. அந்த 0.85 என்பது வேறு வேறு நாடுகளில், பெரும்பாலும் மருத்துவமனைச் சூழலில் எடுத்த எண்களின் மொத்தம். வியாசர்பாடியில், உங்கள் தமிழ்த் தாளில், உங்கள் தன்னார்வலர்கள் கேட்கும் விதத்தில் அது எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. அதை 0.90 ஆக்கிப் பாருங்கள், விடை 11.5% ஆகிவிடும். 0.80 ஆக்கினால் பூஜ்யத்துக்கும் கீழே போகும், அதாவது அர்த்தமே இல்லாத விடை. ஐந்து புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்தால் முடிவு இப்படித் தூக்கியடிக்கிறது. ஆகவே இந்தக் கணக்கு உங்களை எச்சரிக்க உதவும், அச்சில் போட உதவாது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2020இல் வெளியான இன்னொரு தொகுப்பு ஆய்வு, ஒரே ஆட்களிடம் பிஎச்கியூ-9ஐயும் கேட்டு, விரிவான மருத்துவ நேர்காணலும் செய்த தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. 10 அல்லது அதற்கு மேல் வந்தவர்களை எண்ணினால் 24.6%. நேர்காணலில் வந்தது 12.1%. பாதிதான்.

சென்னைக்கே வருவோம். 2009இல் வெளியான 'க்யூர்ஸ்' ஆய்வு சென்னை நகரில் 25,000க்கும் மேற்பட்டோரிடம், இதே குடும்பத்தைச் சேர்ந்த 12 கேள்வித் தாளைப் பயன்படுத்தியது. 15.1% வந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில், 'மினி' எனும் கட்டமைத்த நேர்காணலைப் பயன்படுத்தியது. அந்தச் சமயத்தில் மனச்சோர்வு நோய் இருந்த பெரியவர்கள் 2.7%. ஊரும் வருடமும் வேறு, முதலாவது ஒரே நகரம், இரண்டாவது கிராமமும் சேர்ந்தது, ஆகவே வித்தியாசம் முழுவதையும் கருவியின் தலையில் கட்ட முடியாது. ஆனால் இந்த இரண்டு எண்களையும் ஒரே வரியில் வைத்து "மனச்சோர்வு இத்தனை மடங்கு கூடிவிட்டது, குறைந்துவிட்டது" என்று எழுதுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இரண்டும் இரண்டு வேறு பொருள்களை எண்ணியவை.

இனி, மொத்தத்தை விட்டுவிட்டுத் தனித்தனித் தாள்களைப் பாருங்கள். ஸ்கிரீனிங்குக்கும் நோயறிதலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். விளக்கத்துக்காக மூன்று தாள்களை நானே எழுதிக் காட்டுகிறேன். உங்கள் கட்டில் இவற்றைப் போல நிறைய இருக்கும்.

முதல் தாள், காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்காவுடையது. ஏலத்துக்குப் போக விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்திருப்பவர். தூக்கத்தில் 3, களைப்பில் 3, சாப்பாட்டில் 2, கவனம் நிற்கவில்லை என்பதில் 2, உடல் மந்தம் அல்லது பரபரப்பில் 1, மனம் சோர்ந்திருந்தது என்பதில் 1. எதிலும் நாட்டமில்லை என்பதில் 0. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பதில் 0. சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்வியிலும் 0. மொத்தம் 12.

இரண்டாவது தாள், கொடுங்கையூரில் வேலை போய் வீட்டில் இருக்கும் ஒரு தம்பியுடையது. நாட்டமின்மை 2, சோர்வு 3, தூக்கம் 2, களைப்பு 1, தன்னைத் தாழ்வாக நினைப்பது 2, கவனம் 2, மற்றவை 0. இதுவும் 12.

உங்கள் எக்செல் தாளில் இருவரும் ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள். ஆனால் மனச்சோர்வு நோய் என்று சொல்வதற்கான அளவுகோலில், மனம் சோர்ந்திருப்பது அல்லது நாட்டம் போய்விடுவது, இந்த இரண்டில் ஒன்றாவது அநேகமாக எல்லா நாளும் இருந்தே ஆக வேண்டும். அதோடு சேர்த்து மொத்தம் ஐந்து அறிகுறிகளாவது இரண்டு வாரம் நீடித்திருக்க வேண்டும், வேலையையோ குடும்பத்தையோ உறவையோ பாதித்திருக்க வேண்டும். தாளில் 2 அல்லது 3 என்று வந்தவற்றை மட்டும் அறிகுறியாக எண்ணினால், தம்பிக்கு ஐந்து இருக்கின்றன, மூல அறிகுறிகள் இரண்டும் அதில் உண்டு. அக்காவுக்கு நான்கு, அவற்றில் மூன்று உடம்பைப் பற்றியவை, மூல அறிகுறி ஒன்றும் இல்லை. அவரை அனுப்ப வேண்டிய முதல் இடம் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேட்க வேண்டும். அவருக்கு நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. உடல் அறிகுறிகளை முன்னால் வைத்து மனச்சோர்வைச் சொல்பவர்கள் நம்மூரில் நிறைய உண்டு. தாளை வைத்து அதை முடிவு செய்ய முடியாது என்றுதான் சொல்கிறேன்.

தம்பியின் தாளும் நோயறிதல் ஆகாது. இதற்கு முன் எப்போதாவது நாள் கணக்கில் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, காசை வாரி இறைத்துக்கொண்டு இருந்தாரா என்று யாராவது கேட்க வேண்டும். அது இருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. குடி எவ்வளவு என்று கேட்க வேண்டும். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்ததா என்று கேட்க வேண்டும். இதில் ஒன்றையும் அந்த ஒன்பது கேள்விகள் கேட்கவில்லை.

மூன்றாவது தாளில் மொத்தம் 7தான். நாட்டமின்மை 1, சோர்வு 1, தூக்கம் 2, களைப்பு 1, தாழ்வாக நினைப்பது 1, ஒன்பதாவது கேள்வியில் 1. உங்கள் கணக்கில் இவர் "இல்லை" கட்டத்தில் போய்விட்டார். ஆனால் ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அதில் 1 என்றால் சில நாட்கள் தோன்றியிருக்கிறது என்று பொருள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கட்-ஆஃப் எதுவும் கிடையாது. 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே, அந்த வீட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, பயிற்சி பெற்ற ஒருவர் தனியாகப் பேச வேண்டும். இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா, யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இதிலும் ஆம் என்று சொல்லும் எல்லாரும் தற்கொலை ஆபத்தில் இருப்பவர்கள் இல்லை. கடன் தொல்லையில் "போய்ச் சேர்ந்தால் நிம்மதி" என்று சொல்லி வைப்பவர்களும் இருப்பார்கள். ஆனால் அதைப் பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் 400 தாளையும் எடுத்து ஒன்பதாவது கேள்வியை மட்டும் பாருங்கள். 76 பேரை மட்டும் பார்த்தால் போதாது. யாராவது விட்டுப் போயிருந்தால் அறிக்கை வேலையை நிறுத்திவிட்டு இன்றே அவரைப் போய்ப் பாருங்கள். டெலி மனஸ் எண் 14416, நாள் முழுக்க இலவசம். நேரில் என்றால் ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவு அல்லது கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம்.

களத்தில் மதிப்பெண் எப்படி நகர்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரே அறை உள்ள வீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தன்னைத் தாழ்வாக நினைப்பதைப் பற்றிய ஆறாவது கேள்விக்கு மருமகள் என்ன பதில் சொல்வார்? 0 என்பார். ஆனால் தூக்கம், களைப்பு பற்றி யார் எதிரிலும் தாராளமாகச் சொல்லலாம், அவற்றில் வெட்கம் இல்லை. அதனால் உடல் கேள்விகள் ஏறியும் மனக் கேள்விகள் இறங்கியும் வருவது சாதாரணம். இன்னொன்று, "இருக்குதுங்க" என்று பதில் வந்தால் தன்னார்வலர் எந்த எண்ணைப் போட்டார்? பதினான்கு நாளில் எத்தனை நாள் என்று திருப்பிக் கேட்டாரா, இல்லை ஒருவர் எப்போதும் 1, இன்னொருவர் எப்போதும் 2 என்று போட்டாரா? தன்னார்வலர் வாரியாக சராசரியைப் பிரித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் ஒருவருக்கு 4ம் இன்னொருவருக்கு 9ம் வந்திருந்தால், அது தெருவின் வித்தியாசமாக இருக்க வாய்ப்புக் குறைவு. எந்த மாதத்தில் கேட்டீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்கு அடுத்த இரண்டு வாரத்தில் கேட்டிருந்தால், வீட்டுக்குள் தண்ணீர் நின்றவர்கள் தூங்காமல், சாப்பிடாமல், கலங்கிப் போய்த்தான் இருந்திருப்பார்கள். அது உண்மையான துயரம். அதை நோய் என்று எண்ணுவதற்கு முன் சில வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும்.

இனி, செய்ய வேண்டியது. உங்கள் வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது, அதை முடிக்க வழி இருக்கிறது. 10க்கு மேல் வந்த 76 பேரையும் மனநல மருத்துவரோ, மினி நேர்காணலில் பயிற்சி பெற்ற உளவியலாளரோ நேரில் பார்க்கட்டும். அதோடு நிறுத்தாதீர்கள். 10க்குக் கீழே வந்த 324 பேரில் குலுக்கல் முறையில் 50 பேரை எடுத்து, அவர்களையும் அதே ஆள் பார்க்க வேண்டும். யாருக்கு எவ்வளவு மதிப்பெண் என்று அவருக்குச் சொல்லாதீர்கள், சொன்னால் அந்த எண்ணே அவர் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 76 பேரில் 19 பேருக்கு நோய் உறுதியானது, 50 பேரில் ஒருவருக்கு உறுதியானது. அந்த 50 பேர் 324 பேருக்குப் பதிலாக நிற்பவர்கள், ஆகவே ஒவ்வொருவரும் ஆறரைப் பேரின் கணக்கு. மொத்தம் 19உம் 6.5உம் சேர்ந்து ஏறக்குறைய 25 பேர், 400இல் 6.4%. அந்த ஒருவர் கிடைக்காமல் போயிருந்தால் 4.8%, இரண்டு பேர் கிடைத்திருந்தால் 8%. கீழே விட்டுப்போனவர்கள் மிகக் குறைவாகவே கிடைப்பதால் பிழை எல்லை அகலமாகத்தான் இருக்கும், அதையும் சேர்த்தே எழுத வேண்டும். முடிந்தால் 50ஐ 100 ஆக்குங்கள். குழுக்களில் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் செலவு என்று வெட்டிவிடுகிறார்கள். அதை வெட்டினால், தாள் யாரை விட்டுவிட்டது என்பது கடைசிவரை தெரியாது.

இரண்டாம் கட்டத்துக்கு இப்போது ஆளோ பணமோ இல்லையென்றால், அறிக்கையில் இப்படிப் போடுங்கள்: "400 பேரில் 76 பேர் (19%) பிஎச்கியூ-9 தாளில் 10 அல்லது அதற்கு மேல் பெற்றனர். இவர்களுக்கு விரிவான மனநல மதிப்பீடு தேவை. இது மனச்சோர்வு நோயின் பரவல் விகிதம் அல்ல." தலைப்பிலும் இதே சொற்கள் இருக்கட்டும். உள்ளே சரியாக எழுதிவிட்டுத் தலைப்பில் "ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு" என்று போட்டால், நாளைக்கு எல்லாரும் எடுத்துச் சொல்லப்போவது தலைப்பைத்தான்.

அந்த 76 பேரிடம், "கடந்த இரண்டு வாரமாக உங்களுக்கு நிறைய சிரமம் இருந்திருக்கிறது என்று உங்கள் பதில்களில் தெரிகிறது. இது என்னவென்று டாக்டர் ஒருவர் பேசிப் பார்த்தால்தான் தெரியும், நாங்கள் கூட வருகிறோம்" என்று சொல்லுங்கள். அந்த 57 பேர் பொய் சொன்னவர்கள் இல்லை. அவர்களில் பலருக்குக் கடனும் குடித்துவிட்டு வரும் கணவரும் வேலையின்மையும் உண்மை. அதற்குத் தேவை மாத்திரையாக இல்லாமல் இருக்கலாம், உதவி தேவை என்பதில் சந்தேகமில்லை. அவர்களுக்கும் ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை கேளுங்கள். ஏறினால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பெயர்ப் பட்டியலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், வார்டு கூட்டத்தில் கேட்டாலும் சரி. ஸ்கிரீனிங்கில் 10 வாங்கியது, அந்தத் தெருவில் "மெண்டல் லிஸ்டில் பேர் இருக்கு" என்று ஆகி, பெண் பார்க்க வருகிறவர் காதுவரை போய்விடும். தாள்களில் எண் மட்டும் இருக்கட்டும். பெயரும் எண்ணும் உள்ள நோட்டு தனியாக, பூட்டில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.